மார்ச்சிலிருந்து சரிந்த கோடு: ஒரு வறட்சிச் செய்திக்கு முன் பார்த்த மழைக்கணக்கு

பின்னணி

மொரீஷியஸில் ஒரு சிறிய பிரெஞ்சு வார இதழின் செய்தி மேசையில் நான் இருந்தபோது நடந்தது இது. ஒரு நவம்பர் மாத நடுவில், எங்களோடு வேலை செய்த இளம் நிருபர் ஒருவர் வறட்சிச் செய்தியோடு வந்தார். அவரும் தமிழ் வீட்டுப் பிள்ளை. என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார், அதனால் இந்தச் சண்டை முழுக்கத் தமிழிலேயே நடந்தது. ஆட்களின் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் ஆண்டையும் விட்டுவிடுகிறேன். மழை அளவுகளை முழு எண்ணாக்கியிருக்கிறேன்.

தீவின் வடக்கே ஒரு கரும்புத் தோட்டத்தில் மழைமானி இருக்கிறது. அதை நாள்தோறும் காலையில் பார்த்துக் குறித்துவைப்பவர் ஒரு பெரியவர். நிருபர் அவரைப் போய்ப் பார்த்து, நோட்டின் கடைசிப் பக்கத்தைப் படம் பிடித்து வந்திருந்தார். கூடவே பெரியவர் சொன்னதையும் எழுதிவைத்திருந்தார்: "தைப்பூசத்துக்குக் காவடி எடுத்தப்போ ஆத்துல முழங்கால் தண்ணிகூட இல்ல தம்பி." வரைவில் இந்த வரி இல்லை. பழைய கதை என்று வெட்டிவிட்டாராம். இதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

தமிழ்நாட்டில் படிப்பவர்களுக்கு ஒரு விஷயம். நாங்கள் தெற்கு அரைக்கோளத்தில் இருக்கிறோம். நவம்பர் முதல் ஏப்ரல் வரை எங்களுக்குக் கோடை, அதுதான் மழைக்காலமும் புயல்காலமும். மே முதல் அக்டோபர் வரை குளிர்காலம், மழை குறைவு. வானிலைத் துறை வெளியிட்டிருக்கும் 1971–2000 சராசரிப்படி தீவு முழுவதற்கும் ஆண்டுக்கு 2010 மி.மீ.; அதில் 1344 கோடையில், 666 குளிர்காலத்தில். அதிக மழை பிப்ரவரி, மார்ச்சில். மிகவும் வறண்ட மாதம் அக்டோபர்.

முதல் வரைவு

நோட்டுப் பக்கத்திலிருந்து எட்டு மாத எண்களை அவர் விரிதாளில் அடித்திருந்தார். மார்ச் 226, ஏப்ரல் 161, மே 104, ஜூன் 80, ஜூலை 88, ஆகஸ்ட் 71, செப்டம்பர் 49, அக்டோபர் 38. வரைபடம் போட்டு அதன் மேல் எக்ஸெலின் போக்குக்கோட்டையும் இழுத்திருந்தார். கோடு மாதத்துக்கு 23 மி.மீ. வீதம் அழகாகக் கீழே இறங்கியது. "மார்ச்சிலிருந்து மழை ஆறில் ஒரு பங்காகிவிட்டது" என்பது முதல் வரி.

எண்களில் பிழை இல்லை. நான் கேட்டது ஒன்றுதான்: இந்தக் கோட்டை இன்னும் ஒரு மாதம் நீட்டினால் என்ன வரும்? நீட்டிப் பார்த்தார். நவம்பருக்கு மைனஸ் 3 மி.மீ. வந்தது. வானம் பூமியிலிருந்து தண்ணீரை உறிஞ்சினால்தான் அப்படி நடக்கும். இருவரும் சிரித்தோம், ஆனால் அவர் விடவில்லை. "அது கணக்கு அக்கா, ஆனா மழை குறையுதுங்கறது நிஜம்தானே?"

நிஜம்தான். ஆனால் அது ஒவ்வொரு ஆண்டும் நிஜம். மார்ச்சில் தொடங்கி அக்டோபரில் முடித்தால் எந்த ஆண்டை எடுத்தாலும் கோடு சரியத்தான் செய்யும். இந்த ஆண்டு எப்போதையும்விட அதிகமாகச் சரிந்ததா என்று சொல்ல, வழக்கமான ஆண்டின் எண்கள் வேண்டும். தோட்ட அலுவலகத்திடம் பழைய பதிவுகளைக் கேட்டு வாங்கி வரச் சொன்னேன்.

31 ஆண்டுக் கோப்பும் 59 சதவீதமும்

இரண்டு நாளில் கோப்பு வந்தது. நவம்பரில் தொடங்கி அக்டோபரில் முடியும் 31 பருவங்கள், மாதத்துக்கு ஒரு வரிசையாக 372 வரிசைகள். A நெடுவரிசையில் மாதத்தின் முதல் தேதி, B-யில் மி.மீ. வடிவம் நன்றாகவே இருந்தது. மாதங்களைப் பக்கவாட்டில் பரப்பிய அட்டவணையில் பன்னிரண்டு மாதக் கூட்டலை ஆண்டு எல்லையைத் தாண்டி நகர்த்துவது பெரிய தொல்லை.

நிருபர் கடைசிப் பன்னிரண்டு மாதத்தைக் கூட்டியிருந்தார்: 931 மி.மீ. முதல் 30 பருவங்களின் சராசரி 1590. "59 சதவீதம், 31 வருஷத்துல இதுதான் குறைவு!" இப்போது அவரிடம் முன்னைவிடப் பலமான தலைப்பு இருந்தது.

எனக்குச் சந்தேகம் வந்தது அவர் முதலில் அடித்த எட்டு எண்களால்தான். அந்த எட்டும் சேர்ந்தே 817. அப்படியானால் மீதி நான்கு மாதம், அதுவும் மழைக்காலத்தின் நவம்பர் முதல் பிப்ரவரி வரை, மொத்தம் 114 மி.மீ. மட்டுமா? நோட்டில் அந்தப் பிப்ரவரிக்கு மட்டுமே 188 இருந்தது.

கோப்பைத் திறந்து B நெடுவரிசையைக் கீழே வரை பார்த்தோம். எண்கள் எல்லாம் கட்டத்தின் வலப்பக்கம் ஒட்டி நின்றன. இந்த ஆண்டு ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மட்டும் இடப்பக்கம். அந்த மூன்று மாதமும் பெரியவர் விடுப்பில் இருந்தார். வேறொருவர் பதிவு செய்தார். அவர் பிரெஞ்சு வழக்கப்படி புள்ளிக்குப் பதில் காற்புள்ளி வைத்து எழுதியிருந்தார். கணினி ஆங்கில அமைப்பில் இருந்ததால் அவை எண்ணாகாமல் எழுத்தாக உட்கார்ந்துவிட்டன. SUM எழுத்தைக் கண்டால் பிழை காட்டாது, பேசாமல் தாண்டிப் போய்விடும். 80, 88, 71 என்று 239 மி.மீ. மழை ஒரு காற்புள்ளிக்குள் காணாமல் போயிருந்தது.

இதைக் கண்ணால் தேட வேண்டியதில்லை. COUNT எண்களை மட்டும் எண்ணும், COUNTA காலியில்லாத எல்லாக் கட்டத்தையும் எண்ணும். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் எங்கோ எழுத்து ஒளிந்திருக்கிறது. எங்கள் கோப்பில் 369-ம் 372-ம் வந்தன. திருத்தம் எளிது:

```
=COUNT(B2:B373)
=COUNTA(B2:B373)
=NUMBERVALUE(B369,",",".")
```

மூன்றாவது வரி, இந்தக் கட்டத்தில் காற்புள்ளிதான் தசமக்குறி என்று எக்ஸெலிடம் சொல்கிறது. ஜூன், ஜூலை, ஆகஸ்ட் என்று அடுத்தடுத்து இருந்த மூன்று கட்டங்களுக்கும் அதையே செய்தோம். எங்கள் தீவின் பல அலுவலகங்களில் எக்ஸெல் பிரெஞ்சில் இருக்கும். அங்கே SUM என்று அடித்தால் வேலை செய்யாது, SOMME என்று அடிக்க வேண்டும். ஒரே கோப்பு இரண்டு மேசைகளுக்கு இடையே போய்வரும்போது இந்த மாதிரிக் குழப்பம் வருவது எனக்கு ஆச்சரியமாக இல்லை.

திருத்திய கூட்டல் 1170. தலைப்பு கையை விட்டுப் போனது.

ஒரு பிப்ரவரியின் பூஜ்யம்

எழுத்தைத் தேடியது போலவே, சந்தேகமான எண்களையும் தேடினோம். நெடுவரிசையைச் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கியபோது முதலில் வந்தது ஒரு பிப்ரவரி: 0 மி.மீ. பல ஆண்டுகளுக்கு முந்தையது. வடக்கே அக்டோபரில்கூட முழு மாதமும் ஒரு துளி விழாமல் இருப்பது அபூர்வம். பிப்ரவரியில் நம்பவே முடியாது. பெரியவருக்குத் தொலைபேசியில் கேட்டோம். அந்த மாதம் புயலில் மானியே பிய்த்துக்கொண்டு போய்விட்டதாம். அதிகம் மழை பெய்த மாதம், கோப்பில் மழையே இல்லாத மாதமாகிவிட்டது.

இந்த ஒரு பூஜ்யம் 30 ஆண்டுப் பிப்ரவரிச் சராசரியை 290-இலிருந்து 280-க்கு இழுத்திருந்தது. இந்த ஆண்டை இது கொஞ்சம் நல்ல ஆண்டாகக் காட்டும், அதாவது காற்புள்ளிப் பிழைக்கு நேர் எதிர்த் திசையில். பக்கத்துத் தோட்டத்தின் எண்ணை வைத்து நிரப்பலாமா என்று யோசித்தோம். வேண்டாம் என்று கட்டத்தைக் காலியாக விட்டோம். எங்களுக்கு வேண்டியது சராசரி. அதற்கு 29 பிப்ரவரிகள் போதும். காலிக் கட்டத்தை AVERAGEIFS கணக்கில் சேர்க்காது, பூஜ்யத்தைச் சேர்க்கும். அந்தப் பருவத்தின் மொத்தத்தை மட்டும் ஒப்பீட்டிலிருந்து விலக்கினோம்.

அதே மாதத்தோடு ஒப்பிடுதல்

இப்போதுதான் உண்மையான வேலை தொடங்கியது. ஒவ்வொரு மாதத்தையும் முந்தைய மாதத்தோடு ஒப்பிடாமல், கடந்த 30 ஆண்டுகளின் அதே மாதச் சராசரியோடு ஒப்பிட்டோம். அதற்கு நான்கு சூத்திரங்கள் போதுமாக இருந்தன.

```
C2:  =MONTH(A2)
D2:  =AVERAGEIFS($B$2:$B$361,$C$2:$C$361,C2)
E2:  =IF(ISNUMBER(B2),B2-D2,"")
F13: =IF(COUNT(B2:B13)=12,SUM(B2:B13),"")
```

D என்பது அந்த மாதத்தின் வழக்கமான அளவு. E, அதிலிருந்து எவ்வளவு விலகியது என்று சொல்கிறது. F, அந்த மாதத்தோடு முடியும் பன்னிரண்டு மாதங்களின் கூட்டல். பன்னிரண்டும் எண்ணாக இல்லாவிட்டால் காலியாக நிற்கும். சராசரியில் இந்த ஆண்டைச் சேர்க்கவில்லை என்பதைக் கவனிக்கவும்: 361-ஆம் வரிசையோடு நிறுத்தியிருக்கிறோம்.

நிருபரின் அதே எட்டு மாதங்களுக்கு D-யில் வந்தவை: 240, 170, 110, 85, 95, 80, 60, 50. இந்தச் சராசரி எண்களின் மேல் அவரையே போக்குக்கோடு இழுக்கச் சொன்னேன். சரிவு மாதத்துக்கு 23 மி.மீ. இந்த ஆண்டின் கோடும் 23. இரண்டையும் ஒரே படத்தில் போட்டபோது ஒன்றின் மேல் ஒன்று சற்றுத் தள்ளி, தண்டவாளம் போல ஓடின. அவர் கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப நான் எழுதினது நாட்காட்டியத்தான்" என்றார்.

சரி, அப்படியானால் வறட்சியே இல்லையா? E நெடுவரிசையின் கடைசிப் பன்னிரண்டு வரிசையைக் கீழே தருகிறேன், அவற்றை மேலிருந்து படிக்க வேண்டும். நவம்பர் −32, டிசம்பர் −89, ஜனவரி −134, பிப்ரவரி −102. பிறகு மார்ச் −14, ஏப்ரல் −9, மே −6, ஜூன் −5, ஜூலை −7, ஆகஸ்ட் −9, செப்டம்பர் −11, அக்டோபர் −12.

மொத்தப் பற்றாக்குறை 430 மி.மீ. அதில் 357 முதல் நான்கு மாதங்களிலேயே போய்விட்டது. குளிர்காலம் ஆறு மாதமும் சேர்ந்து 430 மி.மீ. பெய்திருக்கிறது, வழக்கம் 480. அது பத்து சதவீதக் குறைவு, யாரும் செய்தியாக எழுதமாட்டார்கள். கோடை 740, வழக்கம் 1120. மூன்றில் ஒரு பங்கு வரவில்லை. நவம்பர் முதல் ஜனவரி வரை மட்டும் எடுத்தால் 420 வர வேண்டிய இடத்தில் 165. 31 பருவங்களில் இதைவிட மோசமாகத் தொடங்கியது ஒன்றே ஒன்று. முழுப் பருவத்தையும் எடுத்தால் இது கீழிருந்து ஐந்தாவது இடம்.

பெரியவர் தைப்பூசத்தைச் சொன்னது இங்கேதான் வந்து பொருந்தியது. தைப்பூசம் ஜனவரி பிற்பாதியிலோ பிப்ரவரி முற்பாதியிலோ வரும், ஆறு கரைபுரள வேண்டிய நேரம். மழை எப்போது தவறியது என்பதை அவர் முதல் நாளே சொல்லிவிட்டார். நாங்கள் அதை ஒரு விரிதாள் வழியாகச் சுற்றி வந்து கண்டுபிடித்தோம்.

போன வருடத்தோடு ஒப்பிடவில்லை

இரண்டாவது வரைவில் இன்னொரு வரி இருந்தது: "ஜனவரி மழை போன ஆண்டைவிட 84 சதவீதம் குறைவு." போன ஜனவரி 610, இந்த ஜனவரி 96, கணக்கு சரி. ஆனால் போன ஜனவரியில் புயல் வந்தது. எங்கள் தீவில் ஒரு புயல் இரண்டு நாளில் ஒரு மாதத்து மழையைக் கொட்டிவிட்டுப் போகும். அப்படிப்பட்ட மாதத்தை அளவுகோலாக வைத்தால் அடுத்த ஆண்டு எப்படிப் பெய்தாலும் பஞ்சமாகத்தான் தெரியும்.

F நெடுவரிசையிலும் இதே பொறி இருக்கிறது, இதை நானே முதலில் கவனிக்கவில்லை. பன்னிரண்டு மாதக் கூட்டலின் வரைபடம் ஜனவரியில் ஒரேயடியாக 514 மி.மீ. விழுந்தது. பார்த்தால் அந்த மாதமே உலகம் காய்ந்துபோனது போல இருக்கும். உடைத்துப் பார்த்தோம். வழக்கமான ஜனவரி 230. போன ஆண்டின் புயல் அதற்கு மேல் தந்த 380 கூட்டலைவிட்டு வெளியே போனது. இந்த ஆண்டின் உண்மையான குறைவு 134. இரண்டும் சேர்ந்துதான் 514. நகரும் கூட்டலில் ஒரு பள்ளம் தெரிந்தால், உள்ளே வந்த மாதத்தை மட்டுமல்ல, வெளியே போன மாதத்தையும் பார்க்க வேண்டியிருக்கிறது. அந்த வரைபடத்தை அச்சில் போடவில்லை. E-யின் பன்னிரண்டு பட்டைகளை மட்டும் போட்டோம்.

எழுதாமல் விட்ட பத்தி

ஆசிரியர் ஒரு பத்தி கேட்டார்: 31 ஆண்டுகளில் மழை குறைந்துகொண்டே வருகிறதா? பருவ மொத்தங்களின் மேல் SLOPE போட்டால் ஆண்டுக்கு −3 மி.மீ. வந்தது. எழுதிவிடலாம் போலத்தான் இருந்தது. ஆனால் கோப்பின் முதல் இரண்டு பருவங்களும் புயல் பருவங்கள். அவற்றை எடுத்துவிட்டுப் போட்டால் சரிவு ஒரு மி.மீ.க்கும் கீழே போனது. இரண்டு வரிசையை நீக்கினால் கரைந்துபோகும் போக்கைத் தலைப்பிலோ பத்தியிலோ வைக்க எனக்கு மனம் வரவில்லை. மழை குறையவில்லை என்றும் எழுதவில்லை. இந்த ஒரு மானியால் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது, அவ்வளவுதான்.

ஒரே மானி தீவு முழுவதற்கும் பேசாது என்பதும் இதோடு சேர்ந்தது. தென்கிழக்குக் காற்று மலையில் மோதி நடுமேட்டில் கொட்டுகிறது. மேற்குக் கரைக்கு மிச்சம்தான் போகும். வடக்குத் தோட்டத்தின் எண்ணை வைத்து மேட்டில் இருக்கும் மார்-ஓ-வாக்வா நீர்த்தேக்கத்தைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. அதனால் செய்தியில் "வடக்கே ஒரு தோட்டத்தில்" என்று முதல் பத்தியிலேயே எழுதினோம், தீவின் நிலைக்கு வானிலைத் துறையின் அறிக்கையைத் தனியாகத் தந்தோம்.

வெளிவந்தது

செய்தி ஒரு வாரம் தாமதமாக, பாதிப் பக்கத்தில் வந்தது. "குளிர்காலம் அல்ல, தவறிய கோடைதான்" என்பது அதன் சாரம். கரும்பு நன்றாக வளர வேண்டிய மாதங்களில் தண்ணீர் கிடைக்கவில்லை, அதன்பின் பெய்த வழக்கமான மழை அந்தக் குழியை நிரப்பவில்லை என்று எழுதினோம். நிருபர் பெரியவரின் வரியைத் திரும்பக் கொண்டுவந்து, அதிலேயே செய்தியைத் தொடங்கினார். முதல் வரைவைவிட அது நல்ல தொடக்கம்.

சிறு விவசாயி ஒருவர் கூப்பிட்டுக் கோபித்துக்கொண்டார். குளிர்காலத்தில் மழை சரியாகத்தான் இருந்தது என்று எப்படி எழுதலாம், என் நிலம் இப்போதும் வெடித்துக் கிடக்கிறதே என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. மழை வழக்கம்போல் பெய்தது என்பதும் மண்ணில் ஈரம் இருக்கிறது என்பதும் ஒன்றல்ல. நாங்கள் அளந்தது மழையை மட்டும். அந்த வேறுபாட்டை ஒரு வாக்கியத்தில் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை.

இன்னொரு வாசகர், கணக்கு ஆசிரியர், "வழக்கம் என்றால் எந்த ஆண்டுகளின் வழக்கம்?" என்று கேட்டு எழுதினார். அடிப்படை ஆண்டுகளை அச்சிட மறந்திருந்தோம். அடுத்த இதழில் திருத்தம் போட்டோம்.

இப்போது செய்தால்

சராசரியைக் கொஞ்சம் அவசரமாக நம்பிவிட்டேன். புயல் மாதங்கள் ஜனவரிச் சராசரியை மேலே தூக்கிவிடுகின்றன. 610 போன்ற நான்கைந்து மாதம் 30-இல் இருந்தால், பெரும்பாலான ஜனவரிகள் சராசரிக்குக் கீழேதான் இருக்கும். அப்புறம் ஒரு நாள் நடுமதிப்பைப் போட்டுப் பார்த்தேன். ஜனவரிக்கு 230 அல்ல, 190 வந்தது.

```
=MEDIAN(IF(($C$2:$C$361=C2)*ISNUMBER($B$2:$B$361),$B$2:$B$361))
```

பழைய எக்ஸெலில் இதை Ctrl+Shift+Enter அழுத்தி முடிக்க வேண்டும். ISNUMBER பகுதி அந்தக் காலிப் பிப்ரவரிக்காக. அது இல்லாவிட்டால் காலிக் கட்டம் இங்கே பூஜ்யமாகத் திரும்பி வந்துவிடும்.

நடுமதிப்பை வைத்தால் இந்த ஜனவரி வழக்கத்தில் பாதி. சராசரியை வைத்தால் 42 சதவீதம். தவறிய கோடை என்ற செய்தி மாறாது. ஆனால் நாங்கள் அச்சிட்ட பட்டைகளில் ஜனவரிப் பட்டை இருக்க வேண்டியதைவிடக் கொஞ்சம் நீளம். நிருபர் இப்போது வேறொரு இதழில் இருக்கிறார். அவருடைய கோப்புகளில் முதல் வரிசைக்கு மேலேயே COUNT-ம் COUNTA-வும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. ஒத்துப்போகாவிட்டால் கட்டம் சிவப்பாகும்படி செய்துவைத்திருக்கிறார்.